அங்கம்மாள் போட்டது ஒரு பிடி

தண்ணீர் டிரம் சுத்தமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள எல்லோரும் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அங்கம்மாள் புறங்கையை டிரம்மின் உள்பக்கத்தில் வைத்து மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு இழுப்பாள். "வழவழன்னு போச்சுன்னா இன்னும் பாசி கீதுன்னு அர்த்தம். கை புடிச்சுக்கினு நின்னா பாசி போச்சுன்னு அர்த்தம்" என்பாள். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற டிரம்மில்கூட அவள் புறங்கை சில நேரம் வழுக்கும். மறுபடியும் தேங்காய் நாரைக் கையில் எடுத்துக்கொள்வாள். உள்ளங்கை காய்த்துப்போய்விட்டதால் அதற்கு ஒன்றும் தெரியாதாம், அதனால்தான் புறங்கை.

இப்படிப்பட்டவளைத்தான் அளவு தெரியாதவள் என்று ஊர் சொல்லும்படி நான் செய்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்கேயாவது நான் நல்லவள் போலத் தெரிந்தால் ஏமாற வேண்டாம்.

அங்கம்மாள் புள்ளலூர்ப் பக்கம் பிறந்து, எங்கள் ஊர் ஏரிக்கரையில் இருக்கும் இருளர் குடியிருப்புக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் சுப்ரமணி சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டப் போவார். பத்தாவது படிக்கிற சந்தியா ஒரே பெண். நடவு, களை, அறுப்பு என்று வயல் வேலை இருக்கும் நாட்களில் அங்கம்மாளைப் பிடிக்கவே முடியாது. வேலை இல்லாத மாதங்களில்தான் வீடு வீடாக டிரம்மும் தொட்டியும் தேய்க்க வருவாள். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், அதனால் டிரம் இல்லாத வீடு கிடையாது. தண்ணீரில் செம்மண் கலங்கல் வேறு. மூன்று மாதம் விட்டால் அடியில் சேறு படிந்து, உள்பக்கம் முழுக்க ஜவ்வு போல ஒரு பாசி ஏறிவிடும்.

அவள் தேய்க்கும் முறை எளிமையானது. டிரம்மை வெளியே உருட்டி வந்து வெயிலில் படுக்கப்போடுவாள். இரண்டு கை செய்யாற்று மணலும் கொஞ்சம் தண்ணீரும் உள்ளே விட்டு நாரால் தேய்ப்பாள். தண்ணீர் நிற்கும் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும் வளையத்தை மட்டும் இரண்டு தடவை தேய்ப்பாள், ஏனென்றால் கொசு முட்டை ஒட்டுவது அங்கேதான், தண்ணீரைக் கொட்டினாலும் அது போகாது. அலம்பியபின் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு பிடி பிளீச்சிங் பவுடரைக் கரைத்து எல்லாப் பக்கமும் படும்படி சுழற்றி, அரைமணி நேரம் விட்டு, மறுபடி அலம்பி, வெயிலில் காயவைப்பாள். அந்த ஒரு பிடி ஒருநாளும் இரண்டு பிடி ஆனதில்லை.

எங்கள் வீட்டு டிரம் அவளுக்குப் பிடிக்காது. குளியலறைக்குக் கதவு வைப்பதற்கு முன்பே உள்ளே வைத்துவிட்ட இருநூறு லிட்டர் நீல டிரம் அது. பிறகு என் கணவர் மோகன் ஆளை அழைத்து, நிலையோடு குறுகலான ஒரு கதவைப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து டிரம் வெளியே வராது, உள்ளே படுக்கப்போடவும் இடம் கிடையாது. தேய்க்க வேண்டுமென்றால் இடுப்புவரை வளைந்து, தலையையும் தோளையும் உள்ளே விட வேண்டும்.

"இந்தக் கதவக் கயட்டுனா ஒரு மணி நேரத்துல வேல முடியும் சசிம்மா" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள்.

"அவருக்கு நேரம் எங்க இருக்குது அங்கம்மா" என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன். அவள் என்னைவிட ஏழு வயது மூத்தவள். அவள் என்னை அம்மா என்பாள், நான் அவளை நீ என்பேன். இதில் கூச்சப்பட ஏதாவது இருக்கிறதென்று எனக்கு அப்போது தோன்றியதே இல்லை.

என் மாமியார் தாயாரம்மாளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டில் தண்ணீர் வைக்கிற பாத்திரம் எதுவும் வறண்டு கிடக்கக் கூடாது. வெள்ளியும் செவ்வாயும் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. "நாலு மக்கு தண்ணியாவது அடியில நிக்கணும். வூட்ல தண்ணி வத்துனா லச்சுமி எந்திரிச்சுப் பூடுவா" என்பார். அதனால் பழைய தண்ணீரின் மேலேயே புதுத் தண்ணீரைப் பிடித்துப் பிடித்து, அந்த டிரம்மை ஒன்பது மாதம் காலியே செய்யவில்லை. லட்சுமி இருந்தாளோ இல்லையோ, சேறு நன்றாகக் குடியிருந்தது.

போன புரட்டாசியில் பெருமாளுக்குப் படைக்கும் சனிக்கிழமை தளிகைக்கு உறவுக்காரர்கள் வருவதாக இருந்தது. வியாழக்கிழமை காலை கை கழுவத் தண்ணீர் மொண்டபோது மக்கில் கொழகொழவென்று ஒரு துண்டுப் பாசி வந்தது. மறுநாள் வெள்ளி, மாமியார் விடமாட்டார். அன்றைக்குப் பதினொரு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், அதற்குள் டிரம் தயாராக வேண்டும். ஒன்பது மணிக்கு ஆள் அனுப்பி அங்கம்மாளை வரவழைத்தேன்.

அவள் மொண்டு மொண்டு கொட்டினாள். அடியில் நான்கு விரல் உயரத்துக்குச் செம்மண் சேறு. அதைப் பழைய துணியால் வழித்து வாளியில் போட்டாள். பிறகு நாரும் மணலுமாகத் தலையை உள்ளே விட்டுத் தேய்த்தாள். பாசி போயிற்று. ஆனால் மேல் பாதியில் வெள்ளையாக ஓர் உப்புக் கறை ஓட்டாகப் பிடித்திருந்தது, அது போகவில்லை. மணி பத்தரை.

"கற இருந்துட்டுப் போவுது சசிம்மா. அது உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. பாசி போனா போதும்" என்றாள். ஒரு பிடி பவுடரைக் கரைத்து உள்ளே சுழற்றி ஊற்றினாள். அதுதான் சரி, அங்கேயே விட்டிருக்க வேண்டும்.

ஆனால் சனிக்கிழமை வரப்போகிற என் நாத்தனார் குளியலறையில் நுழைந்தாலே மூக்கைச் சுளிப்பவள். "இன்னா அண்ணி, டிரம்முல சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கீங்க" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் கழிவறைக்கு வாங்கி வைத்திருந்த ஆசிட் பாட்டிலை எடுத்து வந்தேன். "அரைமணி நேரம் எதுக்கு, கறைக்கு இத ஊத்துறேன், ஒரு தேய்ப்பு தேய்ச்சுடு" என்று சொல்லி, பவுடர் தண்ணீர் நின்றிருந்த டிரம்முக்குள் கால் பாட்டிலை ஊற்றினேன். அங்கம்மாள் நாரை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. காஞ்சிபுரத்தில் மூன்று வருஷம் படித்தேன். பிளீச்சிங் பவுடரில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை விட்டால் குளோரின் வாயு வரும் என்று சமன்பாட்டோடு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள். அது காற்றைவிடக் கனமானது, கீழே தங்கும் என்பதும் எனக்குத் தெரியும். பரீட்சை எழுதும் கைக்கும் பாட்டிலைத் திறக்கும் கைக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று.

உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல்கூட இல்லை, இழுத்த மூச்சு திரும்பி வராத சத்தம். அவள் கால்கள் தரையை உதைத்தன. எனக்கு அந்த நெடி மூக்கில் ஏறியதும்தான் புத்தி வந்தது. இடுப்பைக் கட்டிப் பிடித்து வெளியே இழுத்து, தோட்டத்துக் காற்றில் உட்காரவைத்தேன். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்து நீர் கொட்டியது. குடத்துத் தண்ணீரால் முகத்தைக் கழுவிவிட்டேன். பேச வரவில்லை அவளுக்கு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருமினாள். மோகன் ஆட்டோ பிடித்து வர, உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ஆக்ஸிஜன் வைத்தார்கள், மருந்துப் புகையும் கொடுத்தார்கள். இளம் வயதுப் பெண் டாக்டர். "எதைப் போட்டுத் தேய்ச்சாங்க?" என்று கேட்டார். பக்கத்தில் மோகன் நின்றிருந்தார். தகவல் கேட்டுப் பின்னாலேயே ஓடிவந்த சுப்ரமணியும் நின்றிருந்தார்.

"பிளீச்சிங் பவுடர்தான் டாக்டர்" என்றேன்.

"பவுடர் மட்டும் இவ்வளவு பண்ணாதே. வேற ஏதாவது கலந்தீங்களா?"

"இல்ல டாக்டர். அது கொஞ்சம் அதிகமாப் போட்டுடுச்சு. அளவு தெரியல."

அது என்றேன், அவளை. முகமூடிக்கு மேலே அங்கம்மாளின் கண்கள் என்னைப் பார்த்தன. அதில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் தலையை மெல்ல ஆட்டினாள், ஆமாம் என்பது போல. டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டார். மூச்சு சீரானதும் மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆட்டோவில் வரும்போது சுப்ரமணி என்னைப் பார்த்துக் கை கூப்பினார். "உங்களுக்குத்தான் பேஜார் குடுத்துட்டுதும்மா. படிச்சவங்க பக்கத்துல இருந்ததால உசுரு தப்பிச்சுது" என்றார். நான் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. சனிக்கிழமை தளிகையில் நாத்தனாருக்கு வடை எடுத்து வைத்தபோதும், நான் மொண்டு கொட்டி அலம்பி வைத்த டிரம்மைப் பார்த்துவிட்டு அவள் ஒன்றும் சொல்லாமல் குளியலறையிலிருந்து வந்தபோதும், எனக்குச் சோறு இறங்கவில்லை. சோறு இறங்காததைப் பெரிய தண்டனை என்று நினைத்து என்னை நானே மன்னித்துக்கொள்ளவும் பார்த்தேன்.

ஊரில் பேச்சு பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. "அங்கம்மாக்குப் பவுடர் அளவு தெரியாதாம். நம்ம தண்ணியில எவ்ளோ போட்டாளோ" என்று குழாயடியில் சொல்லிக்கொண்டார்கள். வழக்கமாகக் கூப்பிடும் ஐந்தாறு வீடுகள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. மாமியார்கூட, "நல்லவதான், இன்னா பண்றது, படிப்பு இல்ல" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வியாழன் காலை வாசலில் இருமல் சத்தம் கேட்டது. அங்கம்மாள் கையில் நாருடன் நின்றாள்.

"வேலய பாதியில வுட்டுட்டுப் பூட்டேன் சசிம்மா. தூங்கவே முடியல."

"வேணாம், நீ போய்ப் படு."

"உங்க வூட்டுக்கு எவ்ளோ அலைச்சல் குடுத்துட்டேன். டாக்டரம்மா சீட்டுலயே எழுதிட்டாங்களாமே. சந்தியா படிச்சுச் சொல்லுச்சு, அளவுக்கு மேல போட்டுக்கினதாலன்னு. ஒரு புடிதான் போட்டதா ஞாபகம். கை தவறிட்டுதோ இன்னாமோ."

ஒன்பது வருஷமாக ஒரு பிடி போட்ட கை. தன் கையையே அவள் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள். அன்று அவள் இருமி இருமி டிரம்மைத் தேய்த்து முடித்தாள், நானும் தேய்க்க விட்டேன். ஒரு டம்ளர் காப்பி கொடுத்தேன். அந்தக் காப்பியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

ஐப்பசி பாதியில் ஒரு சனிக்கிழமை காலை. குழாயடியில் பக்கத்துத் தெரு இளவரசி சொன்னாள், தன் வீட்டு டிரம்மில் பாசி வழுக்குகிறதாம், அதனால் விடிகாலையிலேயே பவுடரைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி ஊறவைத்திருக்கிறாளாம். "அங்கம்மாவத்தான் வரச் சொல்லிக்கீறேன். பாவம், யாரும் கூப்புட மாட்றாங்க. பவுடர நானே போட்டுட்டேன், அளவு பிரச்சனையே இல்ல பாரு" என்று சிரித்தாள்.

தண்ணீரை வீட்டில் இறக்கிவிட்டு மளிகைக் கடைக்குப் போனேன். சந்தியா அங்கே நின்றுகொண்டிருந்தாள். கையில் ஆசிட் பாட்டில்.

"இது எதுக்கும்மா?"

"அம்மாவுக்குதான் அக்கா. பவுடர் பக்கமே இனிமே போவமாட்டேன்னு சொல்லுது. உங்க வூட்ல நீங்க ஊத்துனது இதுதானாமே, படிச்சவங்க ஊத்துனா நல்லதாத்தான் இருக்கும்னு வாங்கியாரச் சொல்லுச்சு. மொத பாட்டிலு அதுவே எடுத்துக்கினு போயிடுச்சு, இது ரெண்டாவது."

என் பொய்யைத்தான் அவள் பாடமாகப் படித்திருக்கிறாள். கெடுதல் செய்தது பவுடர், நல்லது ஆசிட். பையைக் கடையிலேயே போட்டுவிட்டு ஓடினேன். முப்பத்தெட்டு வயதில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் ஓடியதை ஊரே பார்த்தது.

இளவரசி வீட்டுத் தோட்டத்தில் டிரம் நிமிர்ந்து நின்றது. அங்கம்மாள் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஊத்தாத. அங்கம்மா, ஊத்தாத."

பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டேன். மூச்சு வாங்கியது. இளவரசி அடுப்படியிலிருந்து வந்தாள், பக்கத்து வீட்டு மலர்க்கொடி வேலி ஓரம் வந்து நின்றாள்.

"இன்னா சசிம்மா, இன்னா ஆச்சு?"

"அந்த டிரம்முல பவுடர் தண்ணி இருக்குது. பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தா விஷப் புகை வரும். அன்னைக்கு உன்ன அடிச்சது அதுதான். நீ போட்டது ஒரு பிடிதான். நான் ஆசிட் ஊத்துனதாலதான் உனக்கு அப்படி ஆச்சு. எனக்கு அது தெரியும். டாக்டர் கேட்டப்பவும் தெரியும். நான்தான் பொய் சொன்னேன்."

அங்கம்மாள் மெதுவாக டிரம்மிலிருந்து இரண்டடி தள்ளிப் போய்த் துணி துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்தாள். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ கை தவறல."

"தவறல அங்கம்மா."

"ஒரு புடிதான்."

"ஒரு பிடிதான்."

நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் அழவில்லை. என் அழுகை அவளுக்கு எந்த விதத்திலும் தேவைப்படவில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது. மன்னித்துவிடு என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்கு வாங்க. டாக்டரம்மா எழுதி வெச்சிக்கீறாங்க இல்ல, அத்த அடிக்கச் சொல்லணும்" என்றாள். பிறகு இளவரசியிடம் திரும்பி, "இந்தத் தண்ணிய மொதல்ல கொட்டிடலாம். டிரம்மப் படுக்கப்போட்டு மணலு போட்டுத் தேய்க்கிறேன்" என்றாள்.

திங்கட்கிழமை மூவரும் போனோம், அவள், சந்தியா, நான். அதே டாக்டர் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அங்கம்மாளின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "இருமல் இன்னும் இருக்கா? அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு நாளாவது வெச்சுப் பார்த்திருப்பேன். இந்த வாயுவுக்கு நேரம் கழிச்சுக்கூட மூச்சுத் திணறல் வரலாம்" என்றார். எக்ஸ்ரேவுக்கு எழுதிக் கொடுத்தார். எதுவும் ஆகாமல் போனது அவள் அதிர்ஷ்டம், என் புத்தியால் அல்ல.

அங்கம்மாள் மடித்து மடித்துக் கிழியும் நிலைக்கு வந்திருந்த அந்தப் பழைய சீட்டை மேசையில் விரித்தாள். "இதுல அடிச்சுக் குடுங்கம்மா" என்றாள். டாக்டர் ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து ஒரு வரியை அடித்து, மேலே வேறு எழுதி, கையெழுத்துப் போட்டார்.

"எந்த வரி?" என்று அங்கம்மாள் சந்தியாவைக் கேட்டாள். சந்தியா காட்டினாள். அங்கம்மாள் புறங்கையை அந்தக் கோட்டின்மேல் வைத்து இடமிருந்து வலமாக ஓர் இழுப்பு இழுத்தாள். பிறகு சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

எக்ஸ்ரேயில் கெடுதல் ஒன்றும் இல்லை. இருமல் மார்கழி வரைக்கும் இருந்தது. இளவரசியும் மலர்க்கொடியும் அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ளேயே ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்கள், அதற்கு அவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். எல்லா வீடுகளும் அவளை மறுபடி கூப்பிடுகின்றன. மோகன் இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் கொத்தனாரை அழைத்துவந்து குளியலறைக் கதவை நிலையோடு பெயர்த்து எடுத்தார். அரை மணி நேர வேலை.

இப்போது டிரம் தோட்டத்தில் இருக்கிறது. மாதம் ஒருமுறை, வெள்ளியோ செவ்வாயோ பார்க்காமல், நான்தான் அதைப் படுக்கப்போட்டு மணலும் நாருமாகத் தேய்க்கிறேன். மாமியார் ஒன்றும் சொல்வதில்லை. கடைசியில் புறங்கையால் தடவிப் பார்க்கிறேன். சில நாள் வழுக்குகிறது, மறுபடி தேய்க்கிறேன்.

தெருவில் பார்த்தால் அங்கம்மாள் நின்று பேசுகிறாள். சந்தியாவின் பரீட்சையைப் பற்றிச் சொல்கிறாள், என் மாமியாரின் முட்டி வலியைக் கேட்கிறாள். நான் இப்போது அவளை நீங்க என்கிறேன், அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. போன வாரம் எதிர்வீட்டு டிரம்மைத் தேய்க்க வந்திருந்தாள். நானும் எங்கள் தோட்டத்தில் தேய்த்துக்கொண்டிருந்தேன். வேலியோரம் வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காப்பி போடட்டுமா, உள்ள வாங்க" என்றேன்.

"வேணாம் சசிம்மா" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள்.